ஆபீஸ் பிரிண்டருக்கு வாரண்டி கேட்பது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு வரிக்கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு லேசர் பிரிண்டர் வாரண்டி காலத்துக்குள்ளேயே படுத்துவிட்டது. அதைக் காசு கொடுக்காமல் சரிசெய்து வாங்குவதற்குள் கடை, கஸ்டமர் கேர், சர்வீஸ் சென்டர் என்று மூன்று பக்கமும் பேசிப் பேசி நாக்கு வறண்டுவிட்டது. எந்தக் காகிதத்தை எப்போது நீட்ட வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். லேசர் பிரிண்டரை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். ஸ்கேனர், புரொஜெக்டர், யூ.பி.எஸ். என்று மற்றவற்றுக்கும் பில், சீரியல் நம்பர் சமாச்சாரம் இதேதான். பழுதைப் பார்க்கும் விதம் மட்டும் மாறும்.

1. உங்களுக்கு இருப்பது எந்த வாரண்டி என்று பாருங்கள்

போனை எடுப்பதற்கு முன்னால் வாரண்டி அட்டையை எடுங்கள். அட்டை தொலைந்திருந்தால், அந்த மாடலுக்கான வாரண்டி விவரம் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். அதில் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலாவது, எஞ்சினியர் உங்கள் இடத்துக்கு வருவாரா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது. ஆன்சைட் என்று போட்டிருந்தால் அவர் வர வேண்டும். கேரி-இன் என்று போட்டிருந்தால் நீங்கள்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வாங்கும்போது கடைக்காரர் "ஆள் வந்து பார்ப்பாங்க சார்" என்று சொல்லியிருக்கலாம், ஆனால் செல்லுபடியாவது அட்டையில் இருப்பதுதான்.

இரண்டாவது, பக்கக் கணக்கு. சில பிரிண்டர்களுக்கு "1 ஆண்டு அல்லது 30,000 பக்கம், எது முதலில் வருகிறதோ அது" என்ற மாதிரி வாரண்டி கொடுக்கிறார்கள். பத்திரம் எழுதும் ஆபீசும் ஜெராக்ஸ் கடையும் இந்தக் கணக்கை ஆறேழு மாதத்தில் தாண்டிவிடும். இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்பதைப் பிரிண்டரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். மெனுவில் Reports என்ற பகுதியில் Configuration Report அல்லது Usage Page என்று தேடுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாவது, எதற்கு வாரண்டி கிடையாது என்பது. டோனர் கார்ட்ரிட்ஜ் தேய்ந்து தீரும் பொருள் என்பதால் மெஷின் வாரண்டியில் வராது. எலி கடித்த வயர், உள்ளே சிந்திய டீ, கீழே விழுந்த உடைப்பு, மின்னழுத்தத்தால் எரிந்த போர்டு, இவையெல்லாம் வெளியே. நம் ஊர் ஆபீஸ்களில் எலி கடிப்பது ரொம்பச் சாதாரணம். எஞ்சினியர் பின் மூடியைக் கழற்றியதும் முதலில் தேடுவது அதைத்தான்.

2. பில்: வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிண்டரின் பின்பக்கமோ அடியிலோ ஒரு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். அதைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று காட்டும். ஆனால் அங்கே காட்டும் தொடக்கத் தேதி, நீங்கள் வாங்கிய தேதி அல்ல. கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சரக்கு போன தேதியை வைத்துப் போட்ட கணக்காக அது இருக்கும். சரக்கு அதற்கப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் குடோனிலும் கடையிலும் மாதக்கணக்கில் தூங்கியிருக்கலாம்.

எங்கள் பிரிண்டரை 2024 ஜூன் 14 அன்று வாங்கினோம். விலை 20,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600, ஆக மொத்தம் 23,600. பழுது வந்தது 2025 மார்ச்சில். தளத்தில் நம்பரைப் போட்டால் "வாரண்டி 2025 பிப்ரவரி 1-ல் முடிந்தது" என்று வருகிறது. கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணும் திரையைப் பார்த்து அதையே படித்தார். பில்லின்படி ஜூன் 13 வரை வாரண்டி இருக்கிறது. இப்படி வந்தால் சண்டை போட வேண்டாம். "பர்ச்சேஸ் புரூஃப் அனுப்புகிறேன், வாரண்டி தேதியை அப்டேட் பண்ணுங்கள்" என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். எல்லாப் பெரிய கம்பெனியிலும் இதற்கு ஒரு வழி உண்டு. பில்லை மெயிலில் அனுப்பச் சொல்வார்கள், இல்லையென்றால் தளத்திலேயே ஏற்றச் சொல்வார்கள். சில வேலை நாட்களில் தேதி மாறிவிடும். மாறிய பிறகு பழுதுக்குக் கம்ப்ளெயிண்ட் போடுங்கள். இரண்டையும் ஒரே போனில் முடிக்கப் பார்த்தால், "வாரண்டி இல்லை, கட்டணச் சேவை" என்று பதிந்துவிடுவார்கள். அதை மாற்றுவது தனி வேலை.

அந்தப் பில் எப்படி இருக்க வேண்டும்? டேக்ஸ் இன்வாய்ஸ் என்று தலைப்பு, கடையின் ஜி.எஸ்.டி. எண், இன்வாய்ஸ் நம்பர், தேதி, மாடல் பெயர், முக்கியமாகச் சீரியல் நம்பர். எஸ்டிமேட், கொட்டேஷன், டெலிவரி சலான் எதுவும் பில் ஆகாது. சாரதி மாளிகையோ ஆபீசர்ஸ் லைனோ, எங்கே வாங்கினாலும் "பில்லில் சீரியல் நம்பர் போட்டுக் கொடுங்கண்ணே" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். போடாமல் விட்டிருந்தால் அதே கடைக்குப் போய், "இன்ன தேதி, இன்ன எண் இன்வாய்ஸில் விற்ற பிரிண்டரின் சீரியல் நம்பர் இது" என்று லெட்டர்பேடில் எழுதி முத்திரை போட்டு வாங்குங்கள். பில்லில் நீங்களே பேனாவால் எழுதிச் சேர்க்காதீர்கள். திருத்திய பில் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

சின்ன ரோலில் அடிக்கும் தெர்மல் பில் என்றால் வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். வேலூர் வெயிலில் மேஜை டிராயருக்குள் கிடந்தாலும் ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் உறுதி மெயில் பில் இல்லை. உங்கள் கணக்குக்குள் போய் இன்வாய்ஸைத் தனியாக இறக்க வேண்டும். அதில் விற்றவர் பெயர் வேறு ஏதாவது ஊர் வியாபாரியாக இருக்கும். அதனால் பாதகமில்லை.

3. பழுது மெஷினிலா கார்ட்ரிட்ஜிலா என்று நீங்களே பாருங்கள்

இதைச் செய்யாமல் எஞ்சினியரை வரவழைத்தால், "கார்ட்ரிட்ஜ் பிரச்சினை சார், புதுசு போடுங்க" என்று சொல்லிவிட்டு அழைப்பை மூடிவிட்டுப் போவார். கார்ட்ரிட்ஜ் வாரண்டியில் இல்லை என்பதால் பந்து உங்கள் பக்கம் வந்துவிடும்.

எங்கள் பிரிண்டரில் வந்த பழுது இது: அச்சாகி வந்த தாளை விரலால் தேய்த்தால் எழுத்து கறுப்புப் பவுடராக விரலோடு வந்துவிடும். லேசர் பிரிண்டரில் டோனர் பவுடர் முதலில் தாளில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே வருவதற்குச் சற்று முன்னால் ஃபியூசர் என்ற சூடான உருளை அதை உருக்கித் தாளோடு பிடிக்க வைக்கும். பவுடர் உதிர்கிறது என்றால் முதல் சந்தேகம் ஃபியூசர் மேல். ஃபியூசர் மெஷினின் பாகம், வாரண்டியில் வரும்.

ஆனால் வேறு காரணமும் இருக்கலாம். முத்திரைத் தாள் போன்ற கனமான தாளில் அடிக்கும்போது Paper Type என்ற இடத்தில் Plain என்றே விட்டிருந்தால் சூடு போதாமல் உதிரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாளிலும் அப்படி நடக்கும். எனவே புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாளை எடுத்து, Plain என்று வைத்து அடித்துப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால்தான் ஃபியூசரைச் சொல்லலாம்.

எழுத்து தேய்ந்து வரவில்லை, தாளில் கறையும் கோடும் வருகிறது என்றால் பாதித்தாள் சோதனை உதவும். ஒரு பக்கத்தை அடிக்கக் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் முன்மூடியைத் திறந்துவிடுங்கள். மெஷின் நின்றுவிடும். சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுத் தாளை மெதுவாக உருவுங்கள். ஃபியூசருக்குப் போகாத பகுதியில் எழுத்து சுத்தமாக இருந்து, முழுசாக வெளியே வந்த தாளில் மட்டும் கறை என்றால் ஃபியூசர். போவதற்கு முன்பே கறை இருந்தால் கார்ட்ரிட்ஜைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கையில் பவுடர் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் இன்னும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு அடையாளம்: ஒரே கறை தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கேலை வைத்து அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு. இடைவெளி எந்த உருளையின் சுற்றளவோடு பொருந்துகிறதோ அதுதான் குற்றவாளி. எஞ்சினியரிடம் இதற்கு அட்டவணையே இருக்கும். இந்த ஒரு எண்ணைச் சொன்னாலே அவர் பேசும் தோரணை மாறிவிடும்.

ரீஃபில் டோனர் பற்றி. நம்மில் பாதிப் பேர் ரீஃபில்தான் போடுகிறோம். ரீஃபில் போட்டதாலேயே மொத்த வாரண்டியும் போய்விட்டது என்று சொன்னால் அட்டையை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். வழக்கமாக அதில் இருப்பது, வேறு டோனரால் உண்டான பழுதுக்கு மட்டும் வாரண்டி கிடையாது என்பதுதான். பேப்பர் இழுக்கும் உருளை தேய்ந்ததற்கும் ரீஃபிலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஃபியூசர், அச்சுத் தரம் என்று வரும்போது வாதம் கடினமாகும். அதனால் மெஷினோடு வந்த ஒரிஜினல் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, எஞ்சினியர் வரும் நாளில் அதைப் போட்டு அதே பழுதைக் காட்டுவது நல்லது.

4. கரண்ட் பக்கத்தைச் சரிபார்த்து வையுங்கள்

எஞ்சினியர் கையில் மல்டிமீட்டர் இருக்கும். பிரிண்டரைத் திறக்கும் முன் பிளக் பாயிண்டைத்தான் அளப்பார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் "எர்த் சரியில்லை, சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். புது பார்ட் கையில் இருந்தாலும் போட மாட்டார். பழைய கட்டடங்களில் வாடகைக்கு இருப்பவர்கள் முன்கூட்டியே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

இரண்டாவது கேள்வி, "இது யூ.பி.எஸ்.லயா ஓடுது?" என்பதாக இருக்கும். லேசர் பிரிண்டரின் ஃபியூசர் சூடேறும் அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் அதை மாட்டினால் யூ.பி.எஸ். திணறும், பிரிண்டருக்கும் நல்லதல்ல. பிரிண்டரைச் சுவர் பாயிண்டில் நேரடியாக மாட்டச் சொல்லித்தான் கம்பெனிகளே கையேட்டில் எழுதுகின்றன. சில மாடல்களில் திரையில் `50.4 Fuser Error` என்று வந்தால், அதை வரும் கரண்டோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எனவே பிரிண்டரை நேரடிப் பாயிண்டுக்கு மாற்றி, அப்போதும் பழுது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்ளெயிண்ட் போட வேண்டும். ஈ.பி. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் சோதிக்காதீர்கள்.

5. பழுதை எழுதும் விதம்

"பிரிண்டர் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்து தரவும்" என்று எழுதினால், மறுநாள் போனில் ஒருவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குப் பதிலாக அவர் கேட்கப்போவதற்கெல்லாம் முதல் மெயிலிலேயே பதில் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதேதான். நாங்கள் அனுப்பியதன் சாரம் இது:

> மாடல், சீரியல் நம்பர். வாங்கிய தேதி 14-06-2024, இன்வாய்ஸ் இணைப்பில். இதுவரை அச்சடித்த பக்கங்கள்: இணைப்பில் உள்ள அறிக்கையில்.
> பழுது: அச்சான எழுத்தை விரலால் தேய்த்தால் பவுடராக உதிர்கிறது. மார்ச் முதல் வாரத்திலிருந்து எல்லாப் பக்கத்திலும். சில சமயம் திரையில் ஃபியூசர் எர்ரர் காட்டி நிற்கிறது.
> செய்து பார்த்தவை: புதிய 75 ஜி.எஸ்.எம். தாள், Plain அமைப்பு, மெஷினோடு வந்த ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ், யூ.பி.எஸ். இல்லாமல் நேரடிச் சுவர் பாயிண்ட். பழுது மாறவில்லை.
> இணைப்பு: திரையின் போட்டோ, விரலால் தேய்க்கும் 20 நொடி வீடியோ, சீரியல் ஸ்டிக்கர் போட்டோ.
> வேண்டுவது: வாரண்டியில் பழுதுபார்த்தல்.

இதில் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "வோல்டேஜ் ஏறினப்புறம்தான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறேன்", "பையன் கொஞ்சம் வேகமா மூடிட்டான் போல" என்றெல்லாம் அப்பாவியாக எழுதிவிடுவோம். அந்த ஒரு வரியை வைத்தே வாரண்டியை மறுத்துவிடலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். நிஜமாகவே கீழே விழுந்திருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. அது வாரண்டி கேஸ் இல்லை, அவ்வளவுதான்.

6. கம்ப்ளெயிண்ட் பதிவது

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். முதலில் வரும் நம்பர்களில் போலிகள் கலந்திருக்கும். அவர்கள் ஏதாவது ஆப்பை இறக்கச் சொல்வார்கள், "பதிவுக் கட்டணம் 10 ரூபாய்" என்று லிங்க் அனுப்புவார்கள். வாரண்டி அட்டையிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் நம்பர் மட்டும்தான் சரி. ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

போனில் பதிந்தாலும் அப்புறம் ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள். கேஸ் நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் வராமல் போனை வைக்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் "நான் பாத்துக்கறேன்" என்றதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. வாரண்டி முடியும் தேதிக்குள் கேஸ் நம்பர் உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் பதிந்திருந்தாலும் கேஸ் வாரண்டிக்குள்தான் கணக்கு. கடையில் சொன்ன தேதிக்கு மட்டும் எந்த ஆதாரமும் இருக்காது.

வாங்கிய சில நாட்களிலேயே பழுது என்றால் கதை வேறு. டி.ஓ.ஏ. என்று சொல்லிப் புது மெஷினே மாற்றித் தருவார்கள். அதற்கான கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொதுவாக ஒன்றிரண்டு வாரம்தான். அதற்கு சர்வீஸ் சென்டர் சான்றிதழ் வேண்டும். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், கேபிள் எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். அதனால் எந்த மெஷின் வாங்கினாலும் ஒரு மாதத்துக்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

7. எஞ்சினியர் வரும் நாள்: ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்

எஞ்சினியர் பார்த்து முடித்ததும் ஒரு படிவத்திலோ மொபைலிலோ விவரம் எழுதிக் கையெழுத்து கேட்பார். மொபைல் என்றால் ஓ.டி.பி. கேட்பார். அந்த ஓ.டி.பி.யைச் சொன்னால் கேஸ் மூடப்படும் என்பது பல பேருக்குத் தெரியாது. "பார்ட் ஆர்டர் போட்டிருக்கேன் சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால், "பார்ட் வந்து மாட்டினப்புறம் சொல்றேன் தம்பி, இப்ப பெண்டிங்னு போடுங்க" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு மேலிடத்து அழுத்தம், நாளுக்கு இத்தனை கேஸ் மூட வேண்டும் என்று. தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை, அவருக்கு ஒரு மோர் கொடுத்துவிட்டே இதைச் சொல்லலாம்.

ஜாப் ஷீட்டில் "பிசிக்கல் டேமேஜ்", "லிக்விட்", "வோல்டேஜ் ஃப்ளக்சுவேஷன்" என்ற சொற்கள் இருந்தால் நிறுத்துங்கள். எங்கள் விஷயத்தில் "பவர் இஷ்யூ" என்று எழுதியிருந்தார். மல்டிமீட்டரை அதே பாயிண்டில் வைத்து மறுபடி அளக்கச் சொன்னேன். காட்டியது 228 வோல்ட். அந்த எண்ணையும் எர்த் அளவையும் ஷீட்டில் எழுதச் சொல்லி, மீட்டரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஃபியூசர் என்று மாற்றி எழுதினார். அவர் மாற்ற மறுத்தால், கையெழுத்துக்கு மேலேயே "இதை ஏற்கவில்லை, அளந்தபோது இத்தனை வோல்ட் இருந்தது" என்று நீங்கள் எழுதிவிடுங்கள். நகலோ போட்டோவோ இல்லாமல் ஷீட்டை விட வேண்டாம்.

பார்ட் உள்ளூரில் இருந்தால் இரண்டு மூன்று வேலை நாளில் முடியும். சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் வாரம், பத்து நாள் ஆகலாம். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரம் என்றால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நஷ்ட ஈடாகத் தற்காலிக மெஷின் தர வேண்டும் என்ற உரிமை சாதாரண வாரண்டியில் கிடையாது.

கட்டணம் கேட்டால்? வாரண்டியில் இலவசமாக மாற்றும் பார்ட்டுக்குத் தனியாக ஜி.எஸ்.டி.யும் கிடையாது. இதை மத்திய மறைமுக வரி வாரியம் 2023 ஜூலையில் ஒரு சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. "பார்ட் ஃப்ரீ, டேக்ஸ் மட்டும் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், எதன் பேரில் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

8. சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தால்

சில கம்பெனிகளுக்கு வேலூரிலோ காட்பாடியிலோ சேகரிப்பு மையம் மட்டும்தான் இருக்கும், வேலை நடப்பது சென்னையில். முதலில் உள்ளூர் மையத்தில் கொடுத்து ரசீது வாங்குவதுதான் உத்தமம். போக்குவரத்து அவர்கள் பொறுப்பாகிவிடும்.

நீங்களே அனுப்புவதானால், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் டெலிவரி சலான் ஒன்று போட்டு "வாரண்டி பழுதுபார்ப்புக்காக, விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, பழைய பில் நகலைச் சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் தேவைப்படாது. 23,600 ரூபாய் பிரிண்டருக்கு அந்தக் கவலை இல்லை. டோனர் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். இல்லையென்றால் ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் உள்ளே முழுக்கப் பவுடர் கொட்டி, அதுவே புதுப் பழுதாகிவிடும். பேக் பண்ணும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்.

மாற்று மெஷின் கொடுத்தால் அதன் சீரியல் நம்பர் வேறாக இருக்கும். பழைய நம்பருக்குப் பதில் இந்த நம்பர் என்று கம்பெனியிடமிருந்து மெயிலோ கடிதமோ வாங்கிப் பில்லோடு பின் பண்ணுங்கள். இது இல்லாவிட்டால் அடுத்த பழுதுக்கு உங்கள் பில் செல்லாது. பெரும்பாலும் வாரண்டி புதிதாக 1 ஆண்டு ஆரம்பிக்காது, பழையதில் மிச்சமிருக்கும் காலம்தான். தருவது புதுப்பிக்கப்பட்ட மெஷினாகவும் இருக்கலாம், அட்டையில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

9. மறுத்துவிட்டால்

முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள். அப்புறம் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குக் கேஸ் நம்பர், ஜாப் ஷீட், மீட்டர் போட்டோ எல்லாவற்றோடும் ஒரு மெயில். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். கஸ்டமர் கேரில் மாதக்கணக்கில் நகராதது இங்கே சில சமயம் நகர்ந்துவிடுகிறது.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் குர்கானில் இருக்கிறது என்பதற்காக அங்கே ஓட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பழுதும் மறுப்பும் நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதை நீக்கித் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. e-jagriti.gov.in வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

ஆபீஸ் சாமான் என்பதால் எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு: "இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்பார்கள். சட்டத்திலேயே இதற்கு விலக்கு இருக்கிறது. சொந்தத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. 2018-இல் ஒரு போட்டோ லேபின் பங்குதாரர்கள் வாங்கிய பிரிண்டிங் மெஷின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை ஏற்று அவர்களை நுகர்வோர் என்றே சொன்னது. தனியாளாக ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர்கள் மனுவின் முதல் பக்கத்திலேயே "என் பிழைப்புக்காக, நானே இயக்குகிறேன்" என்று எழுதிவிட வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இந்த வாதம் எளிதில் நிற்காது. அவர்கள் வழக்குக்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மனுவோடு இணைக்க வேண்டியவை: இன்வாய்ஸ், வாரண்டி அட்டை, பக்கக் கணக்குத் தாள், கேஸ் நம்பர் வந்த எஸ்.எம்.எஸ். திரைப்பிடிப்பு, ஜாப் ஷீட் நகல், மறுப்பு மெயில், 1915-இல் பதிந்த எண். எதிர்மனுதாரராகக் கம்பெனியோடு விற்ற கடையையும் சேர்ப்பது வழக்கம். நம்ம ஊர்க் கடை, தெரிந்தவர் என்று சங்கடமாக இருந்தால், நோட்டீஸ் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அவர் போடும் ஒரு போன் சில நேரம் வழக்கே வேண்டாம் என்று ஆக்கிவிடும்.